ஒரே பை, ஒரே காக்கா, ஒவ்வொரு முறையும் வேறு கதை

பிறந்தநாள் வீடுகளில் பொம்மை வைத்துக் கதை சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு போன் அடிக்கடி வரும். "போன மாசம் எங்க அப்பார்ட்மென்ட்ல கீழ் வீட்டுக்குப் பண்ணீங்களே, பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. எங்களுக்கும் வேணும். ஆனா அதையே பண்ணிடாதீங்க மேடம், வர்ற பிள்ளைங்க எல்லாம் அதே பிள்ளைங்கதான்." நான் சென்னையில் இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இந்த மாதிரிதான். ஒரு குடியிருப்பு, ஒரு விளையாட்டுப் பள்ளி, ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அம்மாக்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு முறை நுழைந்துவிட்டால் அடுத்தடுத்து நான்கைந்து பிறந்தநாள்கள் வரும். பார்வையாளர்கள் மாறமாட்டார்கள், பிறந்தநாள் பிள்ளை மட்டும் மாறும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் புதுப் பொம்மை, புது வித்தை, புதுச் சாமான் என்று வாங்கிக்கொண்டே போவது. அந்த வழியில் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு அறை முழுக்கப் பெட்டி, போவதற்கு ஆட்டோ போதாமல் வேன், கூட ஒரு உதவியாள். வாங்கும் பணத்தில் பாதி அதிலேயே போய்விடுகிறது. இன்னொரு வழி, சாமானை அப்படியே வைத்துக்கொண்டு கதையை மாற்றுவது. நான் இரண்டாவது வழியில் இருக்கிறேன். செலவு குறைகிறது என்பது மட்டும் காரணமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதுப் பொம்மையைவிடத் தெரிந்த பொம்மைதான் வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் இது புதிதும் இல்லை. குமரி மாவட்டப் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் தெரியும். இராமாயணத்தை இரவு இரவாகப் பிரித்து நடத்துவார்கள். இன்றைக்கு எந்தப் பகுதி நடந்தாலும் அந்த இரண்டு பேரும் நடுவில் வந்துவிடுவார்கள். சண்டை போடுவார்கள், அடி வாங்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். திரைக்குப் பின்னால் ஒரே கலைஞர் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். இராமர் கதை கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும். இந்த இரண்டு பேரும் இன்றைக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் தெரியாது. பிறந்தநாள் வீட்டில் நான் செய்வதும் அதே ஏற்பாடுதான்.

என் பையில் இருப்பது மூன்று பொம்மைகள். பாட்டி, காக்கா, நரி. ஆமாம், வடைக் கதைதான். தமிழ் பேசும் வீட்டில் வளரும் நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்று பேரையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் இங்கிலீஷே பேசும் பிள்ளைகளுக்கும்கூட இந்தக் கதை எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

பாட்டியும் நரியும் கையுறைப் பொம்மைகள். ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், நடுவிரல் மறு கைக்குள். பாட்டியின் தலை காகிதக்கூழில் செய்தது. களிமண்ணிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ செய்தால் பத்து நிமிடத்தில் ஆள்காட்டி விரல் துவண்டுவிடும், பொம்மை தலை குனிந்துகொண்டே பேசும். காக்கா வாய் திறக்கும் பொம்மை. கறுப்புத் துணி, உள்ளே அட்டை வைத்துத் தைத்த அலகு. வடை பழுப்பு நிறம் அடித்த ஸ்பாஞ்சு, நடுவில் ஓட்டை. காக்காவின் அலகில் ஒரு சின்னக் காந்தம், வடைக்குள் ஒரு காந்தம். முதலில் ஒட்டுப்பட்டை வைத்திருந்தேன், பிரியும்போது 'டர்ர்' என்று சத்தம் கேட்கும், எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பார்ப்பார்கள். காந்தத்தில் சத்தம் இல்லை. ஆனால் சின்னக் காந்தம் பிள்ளைகள் வாயில் போனால் பெரிய ஆபத்து, அதனால் துணிக்குள் வைத்து இரண்டு சுற்றுத் தையல். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தத் தையலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.

இதோடு ஒரு பழைய சேலை, ஒரு கயிறு, ஒரு கத்தரிக்கோல், வண்ணம் மாறும் வித்தைப் புத்தகம் ஒன்று, ஆசிரியர்கள் வகுப்பில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் செட் ஒன்று. அவ்வளவுதான். ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் அங்கே போய் வாங்கிக்கொள்வேன். நாற்காலிகளுக்கு முன்னால் சேலையைக் கட்டினால் மேடை. எனக்கு இருப்பது இரண்டு கை, பொம்மை மூன்று. மூன்றாவது பொம்மையைத் தண்ணீர் நிறைந்த பாட்டில் தலையில் மாட்டிவைத்தால் அது பாட்டுக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். காலி பாட்டில் சாய்ந்துவிடும், நிறைந்ததுதான் வேண்டும்.

நான் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். உதடு அசையாமல் பேசும் கலை எனக்குத் தெரியாது, அது இல்லாமலே முடியும். காக்கா என் காதில் வந்து குசுகுசுவென்று சொல்லும். நான் கேட்டுவிட்டு, "என்ன? இவங்க எல்லாரும் வடை தின்ன வந்திருக்காங்களான்னு கேக்குறியா?" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். காக்காவுக்குக் குரலே தேவையில்லை. கேட்காத பேச்சைப் பிள்ளைகளே கேட்டுக்கொள்கிறார்கள். ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: காக்கா 'பேசும்போது' நான் பிள்ளைகளைப் பார்க்கக்கூடாது, காக்காவைப் பார்க்க வேண்டும். நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் அவர்கள் பார்ப்பார்கள். அதேபோல் பாட்டி பேசும்போது நரி சும்மா இருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. பிள்ளைகள் தரையில் இருக்கிறார்கள், பொம்மை மேலே இருக்கிறது, ஆகவே மணிக்கட்டை முன்னால் கொஞ்சம் மடக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை மின்விசிறியைப் பார்த்துப் பேசும்.

காக்கா முதலில் பையைவிட்டு வெளியே வராது. இந்தத் தொடக்கம் மட்டும் எந்த வீட்டுக்குப் போனாலும் மாறாது. "காக்கா எங்கே?" என்று கேட்பேன். அலகு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். இருபது பிள்ளைகளும் ஒரே கூச்சலாக "காக்கா!" என்று கத்துவார்கள். காக்கா உள்ளே போய்விடும். மறுபடியும் எட்டிப் பார்க்கும், மறுபடியும் கூச்சல், மறுபடியும் உள்ளே. நான் பைக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் போட்டா அதுக்குப் பயமாம்" என்பேன். மூன்றாவது தடவை முன்வரிசையில் யாராவது ஒரு பிள்ளை வாயில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கும். அறை அமைதியாகிவிடும். அதன் பிறகு முப்பது நிமிடத்துக்கு "கீப் கொயட்" என்று நான் ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் கூடும்போதெல்லாம் காக்கா பைப் பக்கம் திரும்பினால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மூன்று, நான்கு வயதில் சில பிள்ளைகளுக்குப் பொம்மையே பயம். திடீரென்று முகத்துக்கு நேரே நீட்டினால் வீறிட்டு அழுவார்கள், ஒருவர் அழுதால் பக்கத்தில் இருப்பவரும் அழுவார். பொம்மை அவர்களைப் பார்த்துப் பயப்பட்டால் அந்தப் பயம் குறைந்துவிடுகிறது. தாமே பெரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிறந்தநாள் பிள்ளையே பயப்படுவது ரொம்பச் சாதாரணம். அன்றைக்கு எல்லாரும் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஏற்கெனவே மிரண்டுபோய் இருக்கும். அதனால் காக்காவுக்கு வடை ஊட்ட அதை முன்னால் கூப்பிடும் வேலையைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். அப்போதும் வரமாட்டேன் என்றால் அம்மா மடியில் இருந்தபடியே ஊட்டட்டும். காக்கா நடந்து போகும்.

சரி, ஒரே வட்டத்துக்குள் மூன்று முறை போன கதையைச் சொல்கிறேன். பெரும்பாக்கம் பக்கம் ஒரு குடியிருப்பு. ஜூன் மாதத்தில் ஐந்து வயதாகும் ஒரு பெண் குழந்தைக்கு. பிள்ளைகள் இருபது பேருக்குக் கொஞ்சம் மேல். முதல் முறை என்பதால் வடைக் கதையை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டேன். பாட்டி வடை சுடுகிறாள், காக்கா தூக்கிக்கொண்டு போகிறது, நரி வருகிறது. "காக்கா காக்கா, நீ பாடினா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று நரி சொன்னவுடனே பிள்ளைகள் எழுந்து நின்று "பாடாதே! பாடாதே!" என்று கத்தினார்கள். காக்கா அவர்களைப் பார்த்தது, நரியைப் பார்த்தது, மறுபடியும் அவர்களைப் பார்த்தது. இந்த இடத்தை நான் அவசரப்பட்டு முடிப்பதில்லை. அலகு கொஞ்சம் திறக்கும், கூச்சல் கேட்டதும் மூடும். நான்கைந்து தடவை இதையே இழுக்கலாம். முழுக் கதையிலும் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்வது இதைத்தான். கடைசியில் பாடிவிட்டது, வடை விழுந்தது. முன்வரிசையில் ஒரு பையன் உண்மையிலேயே கோபத்துடன், "நாங்க சொன்னோம்ல!" என்றான். காக்கா என் காதில் ஏதோ சொன்னது. "அது மட்டும்தான் என் பாட்டு நல்லா இருக்குன்னு சொல்லிச்சுன்னு அழுவுது" என்றேன். பிறந்தநாள் பெண் புது வடை கொண்டுவந்து ஊட்டியதும் முடிந்தது. நடுவில் கயிற்று வித்தை ஒன்று. பாட்டியின் கொடிக்கயிற்றை நரி வெட்டிவிடும், பிள்ளைகள் ஊதினால் ஒட்டிக்கொள்ளும்.

ஆகஸ்டில் அதே பிளாக்கில் ஒரு பையனுக்கு. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஜூனில் வந்தவர்கள். நான் பையை வைத்ததுமே "காக்கா அக்கா வந்தாச்சு" என்று ஓடிவந்து உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியும் என்பதை நான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த முறை காக்கா புத்தி வந்த காக்கா. வாயில் வடை இருக்கும்வரை யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காது. நரி வந்து பாடச் சொன்னது, தலையை ஆட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பாட்டி வந்தாள். "என் வடையை யாரு எடுத்தது?" காக்காவால் பதில் சொல்ல முடியாது, வாயைத் திறந்தால் வடை விழுந்துவிடும். பாட்டி நரியைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே போன தடவையும் தின்னே?" இந்தத் தடவை நரி எதுவுமே செய்யவில்லை. அது இருபது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அங்கே அந்த அறை இரண்டாகப் பிரிந்ததைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் "காக்காதான் எடுத்துச்சு" என்று கத்த, மீதிப் பேர் "சொல்லாதே, சொல்லாதே" என்று அவர்கள் வாயைப் பொத்தினார்கள். காக்கா அவர்களுடைய ஆள். நரியோ பாவம், சும்மா அடிவாங்குகிறது. ஒரு சின்னப் பெண் எழுந்து பாட்டியிடம் வந்து, "அதுக்குப் பசிச்சுது பாட்டி" என்றாள். இந்தக் காட்சியை இந்தப் பொம்மைகளை முதல் முறை பார்க்கும் பிள்ளைகளிடம் நடத்த முடியாது. காக்காவோடு அவர்களுக்கு ஜூனிலிருந்து பழக்கம் இருப்பதால்தான் இந்தச் சிக்கல் அவர்களுக்குச் சிக்கலாகவே படுகிறது. புதுப் பொம்மை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதைக் கொண்டுவராது.

ஜனவரியில் மூன்றாவது வீடு. பாட்டிக்குக் காய்ச்சல். பாட்டில் தலையில் சாய்ந்து படுத்துவிட்டாள், வடை இல்லை. காக்காவும் நரியும் சேர்ந்து சுட வேண்டும். இரண்டுக்கும் எதுவும் தெரியாது. நரி கோதுமையை ஊறவைக்கலாம் என்கிறது, காக்கா சர்க்கரை போடலாம் என்கிறது. பிள்ளைகள் உளுந்து, உப்பு, மிளகு, வெங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்துகிறார்கள். ஓட்டை எப்படிப் போடுவது என்று கேட்டபோது நான்கு பேர் விரலை நீட்டிக் காட்டினார்கள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உண்மையான பாட்டி ஒருவர், "மாவு தண்ணியா ஆயிட்டா வராது, பாத்து" என்று நரிக்குச் சொன்னார். அங்கேதான் வண்ணப் புத்தகத்தைச் சமையல் புத்தகமாகக் கொண்டுவந்தேன். புரட்டினால் வெற்றுத்தாள், ஊதிவிட்டுப் புரட்டினால் கோட்டுப்படம், இன்னொரு முறை ஊதினால் எல்லாப் பக்கமும் வண்ணம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வித்தைக்கும் பொம்மைக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரிகிறது. அதன் தாள்களின் ஓரம் மாறி மாறிக் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் வெட்டப்பட்டிருக்கும். கட்டைவிரலை எந்த உயரத்தில் வைத்துப் புரட்டுகிறோமோ அதற்கேற்ற பக்கங்கள் மட்டும் கண்ணில் படும். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதல் முறை பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளை வாயைப் பிளந்துவிடும். அதே பிள்ளை இரண்டாம் முறை பார்க்கும்போது புத்தகத்தைப் பார்க்காது, என் விரலைப் பார்க்கும். மூன்றாம் முறை "குடுங்க, நான் புரட்டுறேன்" என்று கையை நீட்டும். எந்த வித்தையாக இருந்தாலும் இதுதான் நிலை. எப்படி என்று தெரியாமல் இருந்தால்தான் அது வித்தை. காக்காவுக்கு அப்படி இல்லை, தெரியத் தெரிய அதற்கு மதிப்பு கூடுகிறது. முழு நேரமும் வித்தையே செய்பவர்கள் ஒரே குடியிருப்புக்கு மூன்றாம் முறை போகத் திணறுவதும், அதற்காகச் சாமான் வாங்கிக்கொண்டே இருப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நான் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே வித்தைதான் வைக்கிறேன், அதுவும் கதைக்குள். ஒரு வட்டத்தில் காட்டிய வித்தையை அதே வட்டத்தில் திரும்பக் காட்டுவதில்லை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே எழுதிவிடுவேன். மாதம், இடம், பிளாக், பிள்ளையின் வயது, எந்தக் கதை, எந்த வித்தை, பிள்ளைகள் எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள். கூடவே ஒன்றிரண்டு குறிப்பு: "சிவப்புச் சட்டைப் பையனுக்கு நரி பயம்", "கண்ணாடி போட்ட பெண் பாட்டிக்கு விசிறினாள்". அடுத்த முறை போகும்போது பாட்டி அந்தப் பெண்ணைப் பார்த்து, "எனக்கு விசிறுனியே, அந்தக் கண்ணுதானே நீ?" என்று கேட்பாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும், இந்த நோட்டு எதற்கு என்று புரிந்துவிடும். அந்தக் கேள்வி அன்றிரவே வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும், அடுத்த அழைப்பு அதில்தான் வருகிறது. நான் விசிட்டிங் கார்டு கொடுப்பதையே விட்டுவிட்டேன். பலூன்களோடு சேர்ந்து அதையும் மறுநாள் பெருக்கிவிடுவார்கள்.

கதை நன்றாக இருந்தும் நிகழ்ச்சி கெட்டுப்போவது அநேகமாக நேரத்தால்தான். அழைப்பிதழில் ஐந்தரை என்று இருக்கும், பிள்ளைகள் ஆறேகாலுக்குத்தான் சேருவார்கள். பெற்றோர் கேட்பார்கள்: "கேக் வெட்டிட்டு அப்புறம் வச்சுக்கலாமா?" வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுவேன். கேக் வெட்டியபின் தட்டு வரும், கையெல்லாம் கிரீம், ஒரு பக்கம் போட்டோ, ரிட்டர்ன் கிஃப்ட் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கண் அங்கேயே இருக்கும், பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஆறரைக்கு ஆரம்பித்து ஏழு ஐந்துக்கு முடித்தால் பிந்தி வருபவர்களும் சேர்ந்துகொள்ள முடியும். காக்காவே பிறந்தநாள் பிள்ளையைக் கேக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும், பிள்ளைகள் எல்லாரும் பின்னாலேயே போவார்கள். வீட்டுக்காரர்களுக்கும் கூட்டத்தைத் திரட்டும் வேலை மிச்சம்.

அதைவிடப் பெரிய எதிரி பஞ்சுமிட்டாய். இப்போது எல்லாப் பார்ட்டியிலும் பஞ்சுமிட்டாய், பாப்கார்ன், பானிபூரி என்று ஸ்டால் போடுகிறார்கள். மறுபக்கம் டாட்டூ ஒட்டுபவர் உட்கார்ந்திருப்பார். கதை நடக்கும் நேரத்தில் அந்த மெஷின் ஓட ஆரம்பித்தால் எந்தப் பொம்மையாலும் பிள்ளைகளைப் பிடித்துவைக்க முடியாது, பிடித்துவைக்க நினைப்பதும் நியாயமில்லை. ஒருமுறை ஒரு பெரிய ஹாலில் கதையின் நடுவில் வாசனை வந்தது, இரண்டு பேர் எழுந்தார்கள், பிறகு ஆறு பேர், கடைசியில் ஒரு வயதுக் குழந்தையும் அதன் ஆயாவும்தான் மிச்சம். இப்போது போனில் பேசும்போதே கேட்டுவிடுகிறேன்: ஸ்டால் இருக்கிறதா, அந்த முப்பத்தைந்து நிமிடம் மட்டும் மூடி வைக்க முடியுமா? முடியும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், முன்கூட்டியே கேட்டால்.

வேறு என்ன கேட்பேன் என்றால், வரும் பிள்ளைகளின் வயது, எத்தனை பேர், ஹாலா மொட்டைமாடியா, டிஜே உண்டா. முப்பது பேருக்குமேல் என்றால் இந்தப் பொம்மைகள் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. பொம்மையின் உயரம் ஒரு அடிதான். பொம்மை தெரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளும். திறந்த மாடியில் காற்றில் குரல் போய்விடும், இடுப்பு மைக் அங்கே போதாது. போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்ப்பது சுவர். காக்கா கறுப்பு; பின்னால் கருநீலத் திரையோ மினுமினு ஜிகினாத் திரையோ இருந்தால் காக்கா காணாமல் போய்விடும். வெறும் வெள்ளைச் சுவர் இருந்தால் அங்கேதான் நாற்காலியைப் போடுவேன், பலூன் வளைவு எங்கே இருந்தாலும் சரி. ஜமக்காளம் விரித்துப் பிள்ளைகள் தரையில், முதல் வரிசை என்னிடமிருந்து ஐந்தடி தள்ளி. அதற்குள் வந்தால் வடையைப் பிடுங்கக் கை நீளும். போட்டோகிராஃபரிடம் "அண்ணா, கொஞ்சம் உக்காந்து எடுங்க" என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். அவர் நின்றால் பிள்ளைகளுக்கு அவர் முதுகுதான் தெரியும்.

எட்டு, ஒன்பது வயது அண்ணன்கள் இரண்டு மூன்று பேர் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். "அது உங்க கைதானே" என்று சொல்வதுதான் அவர்கள் வேலை. அவர்களை அடக்கப் பார்த்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். "ஆமா, என் கைதான். எனக்கு இன்னொரு கை குறையுது, வர்றியா?" என்று கேட்டுச் சேலைப் பக்கம் உட்காரவைத்துவிடுவேன். பாட்டில் மேல் இருக்கும் பொம்மையைப் பார்த்துக்கொள்வதும், நான் கண்காட்டினால் வடையை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ரகசியம் தெரிந்த ஆளாகிவிட்டபின் அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

கட்டணம் முப்பத்தைந்து நிமிடத்துக்கு 5,000 ரூபாய், முன்பணம் 1,500. திரும்பக் கூப்பிடுபவர்களுக்குக் குறைத்துத் தருவதில்லை. புதுக் கதை தயாரிக்க எனக்கு அவர்களுக்காகத்தான் அதிக வேலை. ஆனால் தேதி மோதினால் பழைய வீட்டுக்குத்தான் முதலிடம். பிறந்தநாள் எந்தக் கிழமை வந்தாலும் பார்ட்டி சனி ஞாயிறுதான், எனவே இந்த மோதல் அடிக்கடி வரும். ஒரு நாளில் இரண்டுக்குமேல் எடுத்தால் பாட்டியின் குரல் நரியின் குரலாகிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு எல்லை உண்டு. பிள்ளைகள் வளர்கிறார்கள். ஐந்து வயதில் "பாடாதே" என்று கத்திய பெண்ணுக்கு எட்டு ஆகும்போது காக்கா சின்னப் பிள்ளைகள் சமாசாரம். அவள் அம்மா கூப்பிட்டு, "இன்னமும் உங்களைத்தான் கேக்குறா, ஆனா பொம்மை வேணாங்குறா" என்பார். அவர்களுக்கு நான் நிழற்கூத்து கொண்டுபோகிறேன். இதற்குச் சாமான் இன்னும் குறைவு. ஒரு வெள்ளை வேட்டி, கறுப்பு சார்ட் பேப்பர், துடைப்பத்து ஈர்க்குச்சி, டேப், பத்துக் கத்தரிக்கோல், ஒரு டார்ச். டார்ச் ஒற்றை விளக்கு உள்ளதாக இருக்க வேண்டும். பல எல்.இ.டி. கொத்தாக இருக்கும் டார்ச்சில் ஒரு நரிக்கு ஏழெட்டு நிழல் விழும். உருவத்தை வேட்டியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக இருக்கும், விலக விலகப் பெரிதாகி மங்கும். இதைச் சொல்லித்தரவே வேண்டாம், இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு நரியைப் பூதமாக்கிவிடுவார்கள். அறை இருட்டாக வேண்டும், ஆகவே ஏழு மணிக்குமேல்தான். ஜன்னலுக்குப் போர்வை கட்ட முடியும் என்றால் பகலிலும் முடியும்.

ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு உருவம் வெட்டி, குச்சி ஒட்டி, கதை பேசிவைத்துக்கொள்ள நாற்பது நிமிடம். ஒவ்வொரு குழுவும் ஆட ஐந்து நிமிடம். பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளுக்குமேல் இதில் எடுப்பதில்லை, வேட்டிக்குப் பின்னால் இடம் போதாது. பெற்றோர் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பார்க்க ஆளில்லாமல் பிள்ளைகள் ஆடமாட்டார்கள். என்ன கதை என்று நான் சொல்வதில்லை. போன மாதம் ஒரு வீட்டில் மூன்று குழுவில் இரண்டு குழு காக்காவை வெட்டியது.